தாய்ப்பாலும் வாசற்படியும்

1856 ஜனவரியில், அமெரிக்காவின் கெண்டக்கியிலிருந்து மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் குடும்பத்தோடு தப்பினார். உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டி வந்து சேர்ந்தார். துரத்தி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, மகள் மறுபடி அடிமையாகக் கூடாதென்று அந்தச் சிறு குழந்தையைத் தன் கையாலேயே கொன்றார். டோனி மாரிசன் 1987இல் வெளியிட்ட ‘பிலவ்ட்’ நாவல் இந்தச் சம்பவத்திலிருந்து முளைத்தது.

நாவலில் அந்தத் தாயின் பெயர் சேத். அவள் தப்பி வந்த 1855ஆம் ஆண்டுக்கும், மகள் டென்வரோடு தனித்துக் கிடக்கும் 1873க்கும் இடையே கதை போய்வருகிறது. இந்த 18 ஆண்டுகளில் மகன்கள் இருவரும் வீட்டை விட்டு ஓடிவிட்டார்கள். ஊரார் படியேறுவதில்லை.

சேத் செய்ததை விளங்கிக்கொள்ள ஒரு சட்டத்தை அறிய வேண்டும். அடிமைத் தாய்க்குப் பிறப்பதும் அடிமையே என்று வர்ஜீனியா 1662இலேயே விதித்தது. மற்ற அடிமை மாகாணங்களிலும் அதுவே வழக்கு. பெற்றவளுக்குப் பிள்ளைமேல் எந்த உரிமையும் இல்லை. அந்த உரிமைக்கு மாரிசன் கண்ட அடையாளம் தாய்ப்பால். சேத் தன் தாயிடம் பால் குடித்தது சில வாரங்கள்தான். பிறகு வேறொருத்தி பாலூட்டினாள். அதுவும் வெள்ளைக் குழந்தைகள் குடித்து மிஞ்சியதுதான். வளர்ந்து தானே தாயானபோது, எசமான் வீட்டு இளைஞர்கள் அவளைப் பிடித்து அழுத்திப் பாலைப் பறித்தார்கள். பின்னர் அதைச் சொல்லும்போது, முதுகுத்தோல் கிழிய வாங்கிய சவுக்கடியைவிடப் பால் பறிபோனதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

கொன்ற மகளே வளர்ந்த பெண்ணாகத் திரும்பி வந்ததாகச் சேத் நம்பும்போது கதை திரும்புகிறது. வந்தவள் பெயர் பிலவ்ட். சேத் வேலையை இழக்கிறாள். தான் பட்டினி கிடந்து அவளுக்கு ஊட்டுகிறாள், ஓயாமல் மன்னிப்புக் கேட்கிறாள். தாய் மெலிய மெலிய, மகள் பெருக்கிறாள். குற்றவுணர்வில் ஊறிய பாசம் தாயையே தின்னத் தொடங்குகிறது.

இங்கேதான் டென்வர் முன்னே வருகிறாள். ஆண்டுக்கணக்காக வீட்டைவிட்டுத் தனியே வெளியேறாத பெண், அம்மாவைக் காப்பாற்ற முற்றத்தைத் தாண்டி, தன் பழைய ஆசிரியை வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அதன்பின் ஊர்ப் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது டென்வர் ஒவ்வொருவரோடும் பேசிப் பழகுகிறாள். வேலையும் தேடிக்கொள்கிறாள். கடைசியில் அந்தப் பெண்களே திரண்டு வந்து பிலவ்டை விரட்டுகிறார்கள்.

ஒரு மகள் தாய்மேல் வைத்த பாசம் அவளை மடியோடு கட்டிப்போட்டது. இன்னொருத்தியின் பாசம் அவளை வாசற்படி தாண்ட வைத்தது. சேத்தைப் பிழைக்க வைத்தது இரண்டாவதுதான்.