இரண்டு குமிழ் திருப்பினால்தான் சமநிலை

பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு வீட்ஸ்டோன் சமனச்சுற்று நினைவிருக்கும். நான்கு மின்தடைகள், ஒரு பேட்டரி, நடுவில் ஒரு கால்வனாமீட்டர். ஒரு தடையை மாற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் பூஜ்யத்தில் நிற்கும். அப்புறம் விகிதம் போட்டால் தெரியாத தடை தெரிந்துவிடும்.

அதே முறையில் ஒரு மின்தேக்கியை, அதாவது கடைத்தெருவில் நாம் கண்டன்சர் என்று கேட்டு வாங்கும் பொருளை, அளக்கப் போனால் பேட்டரி உதவாது. மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை வழிவிடாது. பேட்டரிக்குப் பதில் மாறுமின்னோட்டம் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே இன்னொரு சிக்கல் முளைக்கிறது: ஒரு குமிழை எவ்வளவு திருப்பினாலும் முள் பூஜ்யத்துக்கு வருவதில்லை. குறைகிறது, குறைகிறது, ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறது.

காரணம் மின்தேக்கிக்குள் இருக்கிறது. குறையே இல்லாத மின்தேக்கி என்றால், அதில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சரியாக 90 பாகை முந்தி நிற்கும். வாங்கிய ஆற்றலை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் நிஜ மின்தேக்கியில் தகடுகளுக்கு நடுவே காகிதமோ எண்ணெயோ பிளாஸ்டிக்கோ இருக்கிறது. அது ஆற்றலில் ஒரு துளியை வெப்பமாக விழுங்கிவிடும். அதனால் அந்த 90 பாகையில் ஒரு சிறு கோணம் குறையும். அந்தக் கோணத்துக்கு δ என்று பெயர். அதன் டேன்ஜென்ட்தான் இழப்பின் அளவு. மின்வாரியப் பொறியாளர்கள் பேச்சில் ‘டேன் டெல்டா’.

ஆக, தெரியாதவை இரண்டு: மின்தேக்குத்திறன் ஒன்று, இழப்பு ஒன்று. பூஜ்யத்துக்கும் நிபந்தனை இரண்டு. கால்வனாமீட்டரின் இரு முனைகளுக்கும் வரும் மின்னழுத்தங்கள் அளவில் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஏறி இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஆடும் இரண்டு ஊஞ்சல்கள் ஒரே உயரத்துக்குப் போனாலும், ஒன்று நொடிப்பொழுது பிந்தினால் இடையில் இடைவெளி இருந்துகொண்டேதான் இருக்கும். உயரத்துக்கு ஒரு குமிழ், நேரத்துக்கு ஒரு குமிழ் வேண்டும்.

இதற்கு அழகான விடை கொடுத்தவர் ஹரால்ட் ஷெரிங். பெர்லினில் இருந்த ஜெர்மன் அரசின் அளவியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1920-இல் அவர் வெளியிட்ட சுற்று ஷெரிங் பிரிட்ஜ் என்றே அழைக்கப்படுகிறது. அதன் நான்கு கைகளில் முதலாவது நாம் அளக்க வேண்டிய மின்தேக்கி C1. இரண்டாவது, இழப்பே இல்லை என்று சொல்லத்தக்க, வாயு நிரப்பிய தர மின்தேக்கி C2. C1-க்குக் கீழே மாற்றக்கூடிய தடை R3. C2-க்குக் கீழே நிலையான தடை R4. அதற்கு இணையாக மாற்றக்கூடிய சிறு மின்தேக்கி C4. மேல் முனையில் உயர் மின்னழுத்தம், கீழ் முனையில் எர்த்.

சூட்சுமம் C4-இல் இருக்கிறது. C1-இன் இழப்பால் அதன் மின்னோட்டம் δ கோணம் பிந்துகிறது. R3-க்குக் குறுக்கே கிடைக்கும் மின்னழுத்தமும் அதே அளவு பிந்தும். மறுபக்கத்தில் C2-இன் மின்னோட்டம் பிந்துவதே இல்லை. ஆனால் R4-க்கு இணையாக C4-ஐச் சேர்த்ததும் அங்கே மின்னழுத்தம் கொஞ்சம் பிந்தத் தொடங்கும். C4-ஐக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு பிந்துதலும் ஒன்றாகும் இடம் வரும். இழப்பை நேரடியாக அளக்காமல், மறுபக்கத்தில் அதே தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் படித்துக்கொள்கிறோம். சமநிலையில் கிடைப்பவை இவை:

C1 = C2 × R4 / R3

tan δ = ω × R4 × C4

முதல் சமன்பாட்டில் C4 இல்லை, இரண்டாவதில் R3 இல்லை. ஒரு குமிழ் மற்றொன்றின் வேலையைக் கெடுக்காது. இந்தப் பிரிட்ஜின் பெரிய வசதி இதுதான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 132 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் புஷ்ஷிங். அதாவது கம்பி தொட்டிக்குள் இறங்கும் இடத்தில் நிற்கும் பீங்கான் கூண்டு. உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதச் சுற்றுகள். சோதனைக்கு 10 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொடுக்கிறோம். C2 = 100 பிக்கோஃபாரட். R4 = 318.3 ஓம். இந்த விசித்திர எண் காரணத்தோடுதான்: 50 ஹெர்ட்ஸில் ω × R4 சரியாக ஒரு லட்சம் வரும். C4-இன் மைக்ரோஃபாரட் அளவைப் பத்தால் வகுத்தால் அதுவே டேன் டெல்டா.

R3-ஐ 60 ஓமிலும் C4-ஐப் பூஜ்யத்திலும் வைத்துத் தொடங்குகிறோம். R4-க்குக் குறுக்கே 100 மில்லிவோல்ட், R3-க்குக் குறுக்கே 96. வித்தியாசம் சுமார் 4 மில்லிவோல்ட். பழைய அதிர்வு கால்வனாமீட்டரில் இது அகன்ற ஒளிப்பட்டையாகத் தெரியும். R3-ஐ மெல்ல ஏற்றினால் பட்டை ஒடுங்கும். 62.4 ஓமில் அதற்கு மேல் ஒடுங்காது, சுமார் 0.4 மில்லிவோல்ட் அடம்பிடித்து நிற்கும். இந்த மிச்சம்தான் இழப்பு. தொடக்கத்தில் பெரிய வித்தியாசத்துக்குள் மறைந்து கிடந்தது, இப்போது தனியாக வெளியே வந்திருக்கிறது. இனி R3-ஐ எந்தப் பக்கம் திருப்பினாலும் பட்டை அகலவே செய்யும். C4-க்குக் கையை மாற்ற வேண்டும். 0.042 மைக்ரோஃபாரடில் பட்டை மெல்லிய கோடாகிவிடும். கால்வனாமீட்டரின் உணர்திறனைக் கூட்டிவிட்டு மறுபடி R3, மறுபடி C4 என்று இரண்டொரு முறை போய்வந்தால் முடிந்தது. C1 = 510 பிக்கோஃபாரட், டேன் டெல்டா = 0.0042.

பத்தாயிரம் வோல்ட் மேலே இருந்தாலும், கை படும் R3-க்குக் குறுக்கே பத்தில் ஒரு வோல்ட்தான். புஷ்ஷிங் சோதனையின்போதே உடைந்தால் என்ன செய்வது என்பதற்காகக் கீழ்க் கைகளில் தீப்பொறி இடைவெளி வைத்திருப்பார்கள்.

0.0042 என்பது எவ்வளவு? இந்தப் புஷ்ஷிங் லைனில் ஓடும்போது உள்ளே வெப்பமாவது சுமார் 4 வாட். டேன் டெல்டா 0.02-க்கு ஏறினால் 18 வாட்டைத் தாண்டும். சிறிய பல்பு அளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் அது காகிதச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட வெப்பம். சூடேறினால் இழப்பு கூடும், இழப்பு கூடினால் இன்னும் சூடேறும். புஷ்ஷிங் வெடிப்பதற்கான பாதைகளில் இது ஒன்று.

அளவீடு ஏமாற்றும் இடங்களும் உண்டு. மழைக்குப் பின் ஈரமும் தூசியும் படிந்த பீங்கானின் மேற்பரப்பில் ஓடும் கசிவு, இழப்புக் கணக்கில் புகுந்து குழப்பும். சில சமயம் C4-ஐப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்தாலும் சமநிலை வராமல், இழப்பு எதிர்மறை என்று சொல்லும். இழப்பு எதிர்மறையாக இருக்கவே முடியாது. ஆகவே அப்படி வந்தால் காகிதத்தின் மேல் சந்தேகம் வேண்டாம்; பீங்கானைத் துடைத்துக் காயவிட்டு, ஷீல்டு இணைப்புகளைச் சரிபார்த்து மறுபடி அளக்க வேண்டும். பக்கத்து லைன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் குறுக்கீடும் வரும். மின்னழுத்தத்தின் முனைகளை மாற்றி இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது இதற்குப் பழைய வழக்கம். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற டேன் டெல்டாவும் ஏறினால் அது வேறு கதை: காப்புக்குள் காற்றுக் குமிழிகள் இருந்து அவற்றில் மின்னிறக்கம் நடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்றைய கருவிகள் பொத்தானை அழுத்தினால் விடையைத் திரையில் காட்டிவிடுகின்றன. ஆனால் டேன் டெல்டா வெப்பநிலையோடு மாறுவது அதனால் நின்றுவிடவில்லை. எந்த வெப்பநிலையில், எத்தனை கிலோவோல்ட்டில் என்று எழுதாத சோதனை அறிக்கை கைக்கு வந்தால், அதைப் போன வருட அறிக்கையோடு ஒப்பிட்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.