பழைய கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஏற்கெனவே இருந்த 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. சம்பளம், விடுப்பு, பணிக்கொடை என்று எந்தத் தலைப்பிலும் பழைய சட்டப்பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட கம்பெனி விதிகளை இனி அப்படியே வைத்திருக்க முடியாது. ஓசூர் சிப்காட்டின் வாகன உதிரிபாகப் பட்டறைக்கும், பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்துப் பெரிய ஆலைக்கும் இது பொருந்தும்.

திருத்திய கையேடு வரும்போது ‘முக்கிய மாற்றங்கள்’ என்று ஒரு பக்க சர்க்குலரும் கூடவே வரும். பெரும்பாலானவர்கள் அதை மட்டும் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் எழுதியவருக்கு முக்கியமாகத் தோன்றியவைதான் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். உண்மையில் என்னென்ன மாறியது, எது புதிதாகச் சேர்ந்தது, எது காணாமல் போனது என்ற முழுப் பட்டியல் வேண்டுமானால், இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே எடுக்க வேண்டும். ஹெச்.ஆர். அதிகாரியானாலும் தொழிற்சங்கச் செயலாளரானாலும் வேலை ஒன்றுதான்.

இதை இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். முதலில் புதிய கையேட்டின் ஒவ்வொரு விதிக்கும் பழையதில் இணை இருக்கிறதா என்று பார்க்கலாம். இணை கிடைக்காதவை புதிதாகச் சேர்ந்தவை. பிறகு பழைய கையேட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு விதியும் புதியதில் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். இந்த இரண்டாவது சுற்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதியதை மட்டும் எவ்வளவு கவனமாகப் படித்தாலும், அதில் இல்லாத விதி கண்ணில் படாது. நீக்கப்பட்டதைக் காட்டக்கூடியது பழைய பிரதி ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கையேட்டை வைத்துப் பார்ப்போம். இதன் விதி எண்களும் வாசகங்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அவற்றின் பின்னால் இருக்கும் சட்டம் உண்மையானது.

பழைய கையேட்டின் விடுப்பு விதி இப்படி இருக்கிறது: “ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு வழங்கப்படும்.” இது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவை ஒட்டியது. புதியதில் 240 என்பது 180 ஆகியிருக்கிறது. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பின் 32-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் மாறவில்லை.

பட்டியலில் “விடுப்பு விதி மாற்றப்பட்டுள்ளது” என்று எழுதினால் அதனால் யாருக்கும் பயனில்லை. “தகுதி நாட்கள் 240-லிருந்து 180 ஆகக் குறைந்தன, விகிதம் மாறவில்லை” என்று எழுத வேண்டும். அதன் பக்கத்திலேயே விளைவும் வர வேண்டும். ஜனவரி முதல் வேலையில் இருந்து அந்த ஆண்டில் 200 நாள் வேலை செய்த ஒருவருக்குப் பழைய விதிப்படி உரிமையாக ஒரு நாளும் கிடைத்திருக்காது. புதிய விதிப்படி 10 நாள் கிடைக்கும். மாறாத பாதியையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதாவிட்டால், விகிதமும் மாறிவிட்டதா என்ற சந்தேகம் ஷாப்ஃப்ளோர் முழுக்கப் பரவும்.

அடுத்து பணிக்கொடை விதி. “முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம்” என்ற வரி இரண்டு கையேடுகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது. ஒப்பிடுபவர் ‘மாற்றமில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த விதிக்குப் போய்விடுவார். மாற்றம் இருப்பது முதல் அத்தியாயத்தில், ‘சம்பளம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரையறையில். புதிய ஊதியத் தொகுப்பின்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்குப் பெற்ற படிகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்க்கப்படும்.

மாதம் 24,000 ரூபாய் வாங்குகிறவருக்கு பேசிக்கும் பஞ்சப்படியும் 9,000 என்றும், மீதி 15,000 விலக்குப் பெற்ற படிகள் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் பாதி 12,000. படிகள் அதை 3,000 ரூபாய் தாண்டுகின்றன. அந்த 3,000-ஐச் சேர்த்தால் கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 12,000 ஆகிறது. பணிக்கொடையை மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கிப் போடுவார்கள். 9,000 ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கான தொகை 5,192 ரூபாய். 12,000 ரூபாய்க்கு 6,923 ரூபாய். விதியில் ஓர் எழுத்தும் மாறாமல் தொகை மாறிவிட்டது. அதனால் ஒப்பீட்டை வரையறைகளிலிருந்து தொடங்குவதே சரி. ஒரு வரையறை மாறியிருந்தால், அந்தச் சொல் வரும் விதிகளையெல்லாம் தேடி எடுத்து, ‘வாசகம் மாறவில்லை, பொருள் மாறியது’ என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

காண்ட்ராக்டில் குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஐந்தாண்டு முடிக்காமலே, ஓராண்டுப் பணிக்குப் பிறகு பணிக்கொடை உண்டு என்பது முழுக்கப் புதிய சேர்க்கை. இது சர்க்குலரிலேயே வந்துவிடும் என்பதால் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை.

சிரமம் தருவது இடம் மாறிய விதி. பழைய கையேட்டின் 7.4: “மூன்று ஷிஃப்ட்டுக்கும் கம்பெனி பஸ் இயக்கப்படும்.” புதியதில் 7.4 என்ற இடத்தில் சீருடை விதி இருக்கிறது. பஸ் விதி போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கையேடு முழுக்க ‘பஸ்’, ‘போக்குவரத்து’ என்று தேட வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் அது அகப்படுகிறது: “போக்குவரத்து வசதி நிர்வாகத்தின் முடிவுப்படி வழங்கப்படலாம்.” இதை நீக்கம் என்றும் சேர்க்கை என்றும் இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே என்பது யாருக்கும் தெரியாமல் போகும். ஒரே வரியில் எழுத வேண்டும்: 7.4-லிருந்து மூன்றாம் அத்தியாயத்துக்கு இடம் மாறியது. மூன்று ஷிஃப்ட் என்ற உறுதி நீங்கியது. கட்டாயம் விருப்பமாக மாறியது. தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பாகலூரிலிருந்தும் இரவு ஷிஃப்ட்டுக்கு வரும் தொழிலாளிக்கு, கையேடு முழுவதிலும் இதைவிடப் பெரிய மாற்றம் இருக்க முடியாது.

இந்த இடத்தில் பட்டியல் சட்ட ஆவணமாகவும் ஆகிறது. வழக்கமாகக் கிடைத்துவந்த சலுகையைத் திரும்பப் பெறுவது, வேலை நேரத்தையும் ஷிஃப்ட்டையும் மாற்றுவது, விடுப்பிலும் விடுமுறையிலும் கை வைப்பது போன்றவற்றுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தொழில் தகராறுகள் சட்டத்தில் இது 9-ஏ பிரிவாகவும் நான்காம் அட்டவணையாகவும் இருந்தது. இப்போது தொழில் உறவுத் தொகுப்பின் 40-வது பிரிவிலும் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ‘முன்னறிவிப்பு தேவையா’ என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால், சர்க்குலரில் சொல்லாமல் விட்டது எது, சொல்லியே ஆகவேண்டியது எது என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

சேர்க்கைகளில் ஒரு வகை தனிக் கவனம் கேட்கிறது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நினைத்துப் பாருங்கள். எந்தப் பிரிவையும் நீக்காமல் 65-ஏ என்ற ஒரே பிரிவைச் சேர்த்தது. ஆனால் அந்தப் பிரிவு 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு தரும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. வார வேலை நேரம், வார விடுமுறை, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வரம்பு, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் எல்லாம் அந்த எண்களுக்குள் இருந்தன. எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். கம்பெனிக் கையேட்டிலும் “மேற்கண்ட விதிகளில் எது எப்படியிருந்தாலும்” என்று தொடங்கும் வரி புதிதாக முளைத்திருந்தால், அது எந்தெந்த விதிகளைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் எழுத வேண்டும்.

எல்லையோரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி; அங்கே சட்டம் வேறு. விடுமுறைச் சட்டங்கள் மாநிலங்களுடையவை. தமிழகத்தில் நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் சேர்ந்து ஒன்பது. கர்நாடகத்தில் நவம்பர் 1 ராஜ்யோத்சவமும் சேர்ந்து பத்து. பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி இரு பக்க ஆலைகளுக்கும் ஒரே பட்டியல் போட்டு, “ஒரு விடுமுறை கூடியது” என்று சர்க்குலர் அனுப்பலாம். பெயர் பெயராக ஒப்பிட்டால் இப்படி இருக்கக்கூடும்: ராஜ்யோத்சவம், யுகாதி, விநாயகர் சதுர்த்தி மூன்றும் சேர்ந்தன, மாட்டுப் பொங்கலும் தமிழ்ப் புத்தாண்டும் போயின. மூன்று வந்து இரண்டு போனதால்தான் கணக்கில் ஒன்று கூடியது. தெலுங்கும் கன்னடமும் பேசும் ஓசூர்க் குடும்பங்களுக்கு யுகாதி மகிழ்ச்சியான செய்தியே. ஆனாலும் போன இரண்டைச் சொல்லாமல் வந்ததை மட்டும் சொல்வது நியாயமில்லை.

கணினியின் உதவி எதுவரை? Word-ல் Review பகுதியில் Compare என்று இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் கொடுத்தால் வேறுபாடுகளை நிறத்தில் காட்டும். எண் மாறியதையும் சொல் மாறியதையும் நன்றாகவே பிடிக்கும். இடம் மாறியதோடு வாசகமும் மாறிய பஸ் விதியை ஒரே விதி என்று அது அறியாது. வரையறையால் பொருள் மாறிய பணிக்கொடை விதியை மாற்றம் என்றே காட்டாது. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் எழுத்தாக மாற்றாமல் ஒப்பிட முடியாது. மாற்றும்போது 3 என்பது 8 ஆகலாம் என்பதால் எண்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபார்த்தாக வேண்டும்.

தமிழ்ப் பிரதியில் இன்னொரு தொல்லை. பழைய கையேடு பாமினியிலோ வானவில்லிலோ அடிக்கப்பட்டு, புதியது யூனிகோடில் இருந்தால், கணினிக்கு எல்லாச் சொல்லுமே மாறியதாகத் தோன்றும். முதலில் என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் பழையதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டுமே யூனிகோடாக இருந்தாலும், ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாக ஒரு கோப்பிலும், இரண்டு குறியாக இன்னொன்றிலும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். கணினி வேறு என்று சொல்லும். ஒகர, ஓகாரச் சொற்களில் மட்டும் காரணமில்லாமல் நிறம் வந்தால் இதுதான் காரணம்.

கடைசியாக, ஆங்கிலப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். திருத்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் முதலில் நடக்கிறது; தமிழில் 240 அப்படியே தங்கிவிடலாம். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரி கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கும். அந்த வரியும் இந்தத் திருத்தத்தில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடும் பக்கம் அதற்கு அடுத்ததுதான்.