தாளுக்கு வேறு, திரைக்கு வேறு

6000 பிக்சல் அகலமுள்ள ஒரு கோபுரப் படத்தை மேட் தாளில் 12 அங்குல அகலத்துக்கு அச்சிட வேண்டும். பளபளப்பான திரையிலும் காட்ட வேண்டும். தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் சற்றுப் பரவி, விளிம்புகள் மழுங்கும். அதை முன்கூட்டியே ஈடுகட்டுவதுதான் ஷார்ப்பனிங். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் படத்தை 3600 ஆகச் சுருக்கிய பிறகு, Unsharp Mask-இல் Radius அளவை 1 முதல் 1.5 வரை வைத்துப் பார்க்கலாம். திரையில் விளிம்புகள் முரடாகத் தெரியும், அச்சில் அடங்கிவிடும். சரியான அளவைச் சிறு துண்டு அச்சிட்டுப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

திரையில் மை பரவுவதில்லை. மூலப் படத்தைத் தனியாக 1500 பிக்சலுக்குச் சுருக்கினால், Radius 0.3 போதும். 100% பார்வையில் கோபுர விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால், கூர்மை மிஞ்சிவிட்டது.