பத்தாயிரம் பேருக்கு ஒரு நன்றி

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டால் அடுத்து என்ன வரும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தங்க நிற பலூனில் 10K. பக்கத்தில் ஒரு கேக். கீழே, சொல்ல வார்த்தைகளே இல்லை என்று தொடங்கி ஒரு முழு நீளக் கடிதம். எழுதியவருக்கு அந்த மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் படிக்கிறவர் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுக் கடந்து போய்விடுகிறார், ஏனென்றால் அதில் அவருக்கென்று எதுவும் இல்லை.

மாடித்தோட்டம் பற்றி எழுதும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான நன்றிப் பதிவு இப்படித்தான் இருக்கும்:

“நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை! இன்று நாம் 10 ஆயிரம் பேர் கொண்ட குடும்பம். எத்தனையோ தூக்கமில்லாத இரவுகள், கேலி செய்தவர்கள், எல்லாவற்றையும் தாண்டி இங்கே நிற்கிறேன். நான் ரொம்ப சாதாரண ஆள், இதெல்லாம் கனவு போல இருக்கிறது. அடுத்த இலக்கு 25 ஆயிரம்! நண்பர்களுக்கு ஷேர் பண்ணுங்க, சப்போர்ட் பண்ணுங்க!”

இதில் வாசகர் எங்கே வருகிறார் என்று தேடிப் பாருங்கள். முதலில் பத்தாயிரத்தில் ஒருவராக, கடைசியில் ஆள் சேர்த்துத் தர வேண்டியவராக. நடுவில் இருப்பதெல்லாம் எழுதியவரின் கதை. கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்லும் வரி அந்தக் கேலியைக் கேள்விப்பட்டே இராத பத்தாயிரம் பேர் முன்னால் வந்து விழுகிறது. சாதாரண ஆள் என்ற வரி அடக்கம் போலத் தெரிந்தாலும் “அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் கெட்டிக்காரர்” என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்து நிற்கிறது. நேரடியாகப் பெருமை அடித்துக்கொண்டால்கூட இவ்வளவு உறுத்தாது என்பது என் எண்ணம்.

கடைசி வரிதான் மொத்தத்தையும் கெடுக்கிறது. நன்றி சொன்ன மூச்சிலேயே ஒன்றைக் கேட்டால், அதுவரை சொன்னதெல்லாம் கேட்பதற்கான முன்னுரையாகிவிடும். லைக், ஷேர், டேக் கேட்டுக் கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப் போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆக, கெஞ்சுவது கணக்குப்படி பார்த்தாலும் ஆதாயமான வழி இல்லை. பரிசு அறிவித்து, மூன்று பேரை டேக் செய்யச் சொல்வதும் இதன் தம்பிதான். வருகிறவர் பரிசுக்காக வருகிறார், தோட்டத்துக்காக அல்ல. குலுக்கல் முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

சரி, வேறு எப்படி எழுதுவது? எழுத உட்காரும் முன்பு பழைய பதிவுகளுக்குப் போக வேண்டும். தொழில்முறைக் கணக்காக மாற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்பதை இன்ஸ்டாகிராம் காட்டும். லைக் போகிற போக்கில் விழுவது. சேமிக்கிறவரோ திரும்ப வந்து பார்க்கும் எண்ணத்தோடு வைத்துக்கொள்கிறார். அதிகம் பேர் சேமித்த இரண்டு மூன்று பதிவுகளின் கமெண்டுகளை மேலிருந்து கீழ்வரை வாசித்தால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று கண்ணில் படும். யாராவது ஒருவர் ஒரு தவறைச் சுட்டிக் காட்டியிருப்பார். யாராவது ஒருவர் தன் வீட்டு மாடியில் காய்த்த வெண்டைக்காயைப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். நன்றிக்கான சரக்கு அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்து எழுதினால் அதே பதிவு இப்படி மாறும்:

“இந்தப் பக்கத்தைப் பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறீர்கள். கத்தரி நாற்றின் இலை நுனி கருகிய வீடியோவுக்குக் கீழே ஒருவர், கோகோபீட்டை அலசினீர்களா என்று கேட்டிருந்தார். அலசவில்லை. அதில் இருந்த உப்புதான் காரணம். இப்போது நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணில் சேர்க்கிறேன். பழைய மண்கலவைக் குறிப்பு பற்றி நிறையப் பேர் சந்தேகம் கேட்டிருந்தீர்கள். அதைத் திருத்தி அடுத்த படத்தில் போட்டிருக்கிறேன். கேட்டவர்களுக்கும் திருத்தியவர்களுக்கும் நன்றி.”

எண் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் முதல் வரியில். இன்ஸ்டாகிராமில் பதிவின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதிக்கு “more” என்பதைத் தொட வேண்டும். ஆகவே செய்தியை முன்னால் சொல்லிவிட்டு உடனே கத்தரி நாற்றுக்குப் போய்விடுவது நல்லது. படத்துக்கும் பலூன் வேண்டாம். அந்த வெண்டைக்காய்ப் படமே போதும், அனுப்பியவரிடம் கேட்டுவிட்டுப் போட்டால். தனிச்செய்தியில் வந்ததை அனுமதி இல்லாமல் எடுத்துப் போடக்கூடாது. பெயர் சொல்லலாமா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். தோட்டப் படத்தோடு தன் வீட்டு மாடி தெரிவதைச் சிலர் விரும்பமாட்டார்கள்.

கோகோபீட் கதையில் எழுதியவர் கொஞ்சம் கீழே இறங்குகிறாரே, அது பரவாயில்லையா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டவரும், அதைக் கூடவே படித்தவர்களும் இந்தப் பதிவில் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். “உங்கள் ஆதரவால்தான்” என்று நூறு முறை எழுதினாலும் அது நடக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சில எண்களோடு நடைமுறை மாற்றம் ஒன்று சேர்ந்து வரும், சிலவற்றோடு வராது. 2021 வரை, சரிபார்க்கப்பட்ட கணக்குகளை விட்டால், பத்தாயிரம் பேர் இருந்தால்தான் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் இணைப்பு கொடுக்க முடியும். அந்த ஆண்டு அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், அதோடு அந்த எண்ணின் மவுசு கொஞ்சம் குறைந்தது. யூடியூபில் நிலைமை வேறு. 1,000 சந்தாதாரர்களோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருந்தால் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே நன்றி சொல்கிறவர், “இனி இந்த வீடியோக்களில் வரும் விளம்பரத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு” என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நேர்மை. பார்க்கிறவரைத் தொடுகிற மாற்றம் அது ஒன்றுதான்.

பெரிய எண்களில் வேறு வழிகளும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டபோது, முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஊருக்கே சமைத்துப் போடுகிறவர்களுக்கு அது பொருந்தியது. பத்தாயிரம் பேர் உள்ள பக்கம் அதைப் பார்த்து ஒரு சிறு தொகையைக் கொடுத்து, கொடுக்கும் காட்சியையும் படமெடுத்துப் போட்டால், நன்றி எழுதியவர் பக்கமே திரும்பிவிடும். விதைப் பொட்டலம் கேட்டவர்களுக்குச் சத்தமில்லாமல் தபாலில் அனுப்புவது இந்த அளவுக்குச் சரியாக இருக்கும்.

எப்போது போடுவது என்பதிலும் அவசரம் வேண்டாம். “இன்னும் 37 பேர்தான்” என்று முந்தின நாள் ஸ்டோரி போடுவது மறைமுகமான கெஞ்சல்தான். தொட்ட அன்றே போட்டாலும் சிக்கல் உண்டு. போலிக் கணக்குகளை நிறுவனம் நீக்கும்போதும், சிலர் விலகும்போதும் எண்ணிக்கை மறுபடி 9,990-களுக்கு இறங்கும், பலூன் மட்டும் மேலே நிற்கும். ஒரு வாரம் கழித்துப் போட்டால் யாரும் குறைசொல்லப் போவதில்லை. போட்ட பிறகு இரண்டு நாளைக்குக் கமெண்டுகளுக்குப் பதில் எழுத நேரம் ஒதுக்கி வைப்பது பதிவை விட முக்கியம். “வாழ்த்துகள்” என்று வந்தால் ஒரு நன்றி போதும். “என் தக்காளியும் அப்படித்தான் கருகுது” என்று வந்தால், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், போர் தண்ணீரா என்று கேட்க வேண்டும். பதினோராயிரத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் பதிவு தேவையில்லை. அந்த நாட்களில் அவரைக்காய்ப் பந்தல் எப்படிப் போடுவது என்று எழுதலாம்.