‘நன்று’ என்று நினைத்து 4 நட்சத்திரம்: செயலித் தொழிலாளருக்கு அது ஏன் தண்டனையாகிறது?

இடுக்கி: கொச்சியில் செயலி வழியாக வாடகைக் கார் ஒன்றைப் பதிவு செய்து, நேரியமங்கலம், அடிமாலி வழியாக மலையேறி மூணாறை அடைந்து, அங்கிருந்து மேலும் 13 கிலோமீட்டர் கடந்து மாட்டுப்பட்டி அணைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். விடுமுறை நாள் என்பதால் மூணாறு நகரத்திலேயே வாகனங்கள் நகரவில்லை. மாட்டுப்பட்டிச் சாலையில் காட்டு யானை நிற்பதாகக் கூறி சிறிது நேரம் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. (‘படையப்பா’ என்று உள்ளூர் மக்கள் பெயரிட்டிருக்கும் யானையால் இப்படி நின்றுபோன பயணங்கள் இப்பகுதியில் ஏராளம்.) அணையை அடையும்போது படகுச் சவாரி முடிந்துவிட்டது.

ஓட்டுநர் மீது குடும்பத்தினருக்கு எந்தக் குறையும் இல்லை. வளைவுகளில் நிதானமாக ஓட்டினார், தமிழில் பேசினார், குழந்தைக்காக இருமுறை வண்டியை நிறுத்தினார். ஆனாலும் நாள் வீணாகிவிட்ட சலிப்பு இருக்கிறது. செயலி மதிப்பீடு கேட்கிறது. குடும்பத் தலைவர் 4 நட்சத்திரத்தை அழுத்துகிறார். ஐந்துக்கு நான்கு என்றால் 100-க்கு 80 மதிப்பெண். பள்ளியில் அது முதல் வகுப்பு. அவர் மனத்தில் அது ஒரு பாராட்டு.

ஓட்டுநரின் கணக்கில் அது பாராட்டாகப் பதிவாவதில்லை.

80 மதிப்பெண் எப்படித் தோல்வியாகிறது?

அமெரிக்காவில் ஊபர் நிறுவனத்தின் உள்ளக ஆவணங்களை ‘பிசினஸ் இன்சைடர்’ இணைய இதழ் 2015-ல் வெளியிட்டது. சராசரி மதிப்பீடு 4.6-க்குக் கீழே இறங்கிய ஓட்டுநர்கள் நீக்கப்படும் அபாயத்தில் இருந்ததை அவை காட்டின. இந்தியாவில், வீட்டுச் சேவைகளை வழங்கும் அர்பன் கம்பெனி செயலியில் பணியாற்றும் பெண்கள் 2023 ஜூன், ஜூலை மாதங்களில் பல நகரங்களில் போராட்டம் நடத்தினர். மதிப்பீட்டையும் பணி ஏற்பு விகிதத்தையும் காரணமாகக் காட்டித் தங்கள் கணக்குகள் முடக்கப்படுவதாக அவர்கள் குற்றம்சாட்டினர். அவர்கள் குறிப்பிட்ட மதிப்பீட்டு எல்லை 4.7. சேவைத் தரத்தைக் காக்கவே இத்தகைய அளவுகோல்கள் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

எல்லை 4.7 என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். ஓர் ஓட்டுநருக்கு வரும் ஒவ்வொரு மூன்று பயணிகளில் இருவர் 5 நட்சத்திரமும் ஒருவர் 4 நட்சத்திரமும் வழங்குகின்றனர். மூன்றின் கூட்டுத்தொகை 14, சராசரி 4.67. இந்த ஓட்டுநர் மீது ஒருவரும் புகார் அளிக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் ‘நன்று’ என்றும், மற்ற அனைவரும் ‘மிக நன்று’ என்றும் கூறியிருக்கின்றனர். இருந்தும் அவர் எல்லைக்குக் கீழே இருக்கிறார். அதாவது, எல்லை 4.7 ஆக இருக்கும் இடத்தில் 4 என்பது ‘இவரை நீக்கலாம்’ என்ற பக்கத்தில் விழும் வாக்கு. எத்தனை பேர் சேர்ந்தால் நீக்கம் நிகழும் என்பது மட்டுமே மீதமுள்ள கேள்வி.

புதிதாகச் சேர்ந்தவரின் நிலை இன்னும் கடினமானது. ஊபரில் ஓட்டுநரின் சராசரி அண்மைய 500 மதிப்பீடுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 500 மதிப்பீடு பெற்றவருக்கு ஒரு கோபக்காரரின் 1 நட்சத்திரம் பெரிய அடி அல்ல. பத்து மதிப்பீடு மட்டுமே பெற்றவருக்கு அந்த ஒரே நட்சத்திரம் சராசரியை 5-லிருந்து 4.6-க்குத் தள்ளிவிடும். அதன்பின் தொடர்ச்சியாக நான்கு பயணிகள் முழு 5 வழங்கினால்தான் அவர் 4.7-ஐத் தாண்ட முடியும். முதல் பத்துப் பேரில் இருவர் 1 வழங்கிவிட்டால், மீள்வதற்குத் தொடர்ந்து 17 பேரின் முழு மதிப்பீடு தேவை.

எல்லாரும் ஐந்து பெறும்போது

இந்தக் கணக்கைப் பயணிகளும் காலப்போக்கில் அறிந்துகொள்கின்றனர். ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்க விரும்பாமல், சுமாரான சேவைக்கும் 5 வழங்குகின்றனர். ஆய்வாளர்கள் இதனை மதிப்பீட்டுப் பணவீக்கம் என்ற பொருளில் குறிப்பிடுகின்றனர். பணம் மலியும்போது அதன் மதிப்பு குறைவதுபோல நட்சத்திரம் மலியும்போதும் நிகழ்கிறது.

அப்போஸ்தோலோஸ் ஃபிலிப்பாஸ், ஜான் ஹோர்டன், ஜோசப் கோல்டன் ஆகிய மூவர் இணையவழிப் பணிச் சந்தை ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்தனர். 2007-ல் 4-க்கும் குறைவாக இருந்த சராசரி, 2016-ல் 4.8-ஐக் கடந்திருந்தது. பணியின் தரம் உயர்ந்ததால் இப்படி நேர்ந்திருக்கலாம் அல்லவா? அதைச் சோதிக்க அவர்களிடம் வேறொரு பதிவு இருந்தது. பணியாளருக்குக் காட்டப்படாத தனிக் கருத்தையும் அந்தத் தளம் வாடிக்கையாளரிடம் கேட்டிருந்தது. அந்தத் தனிக் கருத்து பொது நட்சத்திரங்களைப் போல உயரவில்லை. ஆக, உயர்ந்ததில் பெரும்பகுதி தரம் அல்ல; தயக்கம்.

இதன் விளைவு இரு முனைகளிலும் கெடுதலே. சராசரிகள் எல்லாம் 4.7-க்கும் 5-க்கும் இடையே நெருங்கி நிற்பதால், சிறந்த ஓட்டுநரைச் சாதாரண ஓட்டுநரிடமிருந்து பிரித்தறிய முடிவதில்லை. அந்தக் குறுகிய இடைவெளியில் ஒருவரைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் அவருடைய திறமைக் குறைவு அல்ல. நெரிசல், மழை, பயணியின் மனநிலை போன்ற தற்செயல்களே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் மொழிச் சிக்கல் ஒன்றும் தெரிகிறது. ‘பரவாயில்லை’ என்று நாம் கூறுவது பல நேரங்களில் பாராட்டே. அதை நட்சத்திரமாக்கினால் மூன்று வரும். மூன்று என்பது செயலியின் மொழியில் கடும் கண்டனம். நிகில் கார்க், ரமேஷ் ஜோஹரி ஆகிய ஆய்வாளர்கள், எண்களுக்குப் பதிலாக ‘நான் பணியமர்த்தியவர்களிலேயே சிறந்தவர்’ என்பது போன்ற சொற்களைத் தெரிவாக வழங்கிச் சோதித்தனர். அப்போது வாடிக்கையாளர்கள் உச்சத் தெரிவை அவ்வளவு எளிதில் வழங்கவில்லை, வேறுபாடுகள் வெளிப்பட்டன. ஆனால் நம் கைப்பேசியில் இருப்பது அந்த அளவுகோல் அல்ல.

நியாயமாக மதிப்பிடுவோர் என்ன செய்கின்றனர்?

முதலில், இருக்கும் அளவுகோலை அதன் உண்மைப் பொருளில் அவர்கள் வாசிக்கின்றனர். வேலை பாதுகாப்பாகவும் ஒழுங்காகவும் முடிந்ததா? முடிந்தால் 5. அசாதாரணமாக எதையேனும் செய்தால்தான் 5 என்று காத்திருப்பதில்லை. சிறப்பாகச் செய்தவரைத் தனித்துக் காட்ட அவர்களிடம் வேறு வழிகள் உள்ளன: ஓரிரு வரியில் குறிப்பான பாராட்டு, அல்லது அன்பளிப்புத் தொகை.

அடுத்து, குறையின் உரிமையாளர் யார் என்று பார்க்கின்றனர். மாட்டுப்பட்டிக் குடும்பத்தின் நேரத்தை விழுங்கியது நெரிசலும் யானையும். கட்டணம் அதிகமாக இருந்தால் அதை நிர்ணயித்தது நிறுவனம். மலைப்பாதையில் கைப்பேசி அலைவரிசை அறுந்து, வரைபடம் நின்றுபோனதும் ஓட்டுநரின் பிழையன்று. 2025 அக்டோபர் இறுதியில் மூணாறில் செயலி வாடகைக் காரைப் பயன்படுத்த விடாமல் உள்ளூர் ஓட்டுநர்கள் தடுத்ததாகப் பயணி ஒருவர் காணொளி வெளியிட்டதும், அதன்பின் காவலர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டதும் நினைவிருக்கலாம். அத்தகைய சூழலில், பயணியை ஏற்ற வேறொரு இடத்தைக் கூறும் ஓட்டுநருக்கு, அலைக்கழித்ததாகக் கருதி 1 நட்சத்திரம் வழங்குவது எளிது. தடுத்தவர்களுக்கு நட்சத்திரமே கிடையாது என்பதால் அடி முழுவதும் வந்தவருக்கே விழும்.

ஆகவே கட்டணம், வரைபடம், தாமதம் பற்றிய புகாரை உதவிப் பிரிவில் எழுத்தாகப் பதிவு செய்துவிட்டு, நட்சத்திரத்தை ஓட்டுநரின் செயலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி. குறைந்த மதிப்பீடு வழங்கும்போது காரணம் கேட்கும் செயலிகளில் உரிய காரணத்தைத் தேர்ந்தெடுப்பதும் பயனுள்ளது. போக்குவரத்து நெரிசல் போன்ற, ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்கான குறைந்த மதிப்பீட்டைச் சராசரியில் சேர்ப்பதில்லை என்ற ஏற்பாட்டை ஊபர் 2017-ல் அமெரிக்காவில் அறிவித்தது. காரணம் குறிக்கப்படாவிட்டால் அந்தக் காப்பு கிடைக்காது.

பலரும் கவனிக்காத ஒன்று, மதிப்பிடாமல் விடுவது. திருப்தியடைந்தவர் செயலியை மூடிவிட்டுப் போகிறார். கோபமுற்றவர் தவறாமல் மதிப்பிடுகிறார். 100 பயணங்களில் இருவர் மட்டும் 1 வழங்கி, மற்ற 98 பேரும் 5 வழங்கினால் சராசரி 4.92. அதே 100 பேரில் 20 பேர் மட்டுமே மதிப்பிட்டு, அந்த இருவரும் அதில் அடங்கியிருந்தால் சராசரி 4.6. ஓட்டுநரின் வேலையில் எந்த மாற்றமும் இல்லை; மாறியது 80 பேரின் மௌனம் மட்டுமே.

ஆனால் எதற்கும் 5 என்பதும் நியாயமன்று. மது அருந்திவிட்டு ஓட்டுதல், வளைவுகளில் கைப்பேசியில் பேசுதல், பெண் பயணியிடம் அத்துமீறுதல் போன்றவற்றை இரக்கத்தால் மறைத்தால், அடுத்து ஏறுபவர் ஆபத்துக்குள்ளாவார். அத்தகைய நிகழ்வில் 1 நட்சத்திரம் மட்டும் போதாது. 500-ல் ஒன்றாக அது கரைந்துவிடும். பாதுகாப்புப் புகாரை நேரமும் இடமும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். தேவையெனில் 112 எண்ணை அழைக்க வேண்டும். அழுக்கான இருக்கை, உரத்த பாடல் போன்ற சிறு குறைகளை வண்டியிலேயே சொல்லிவிடலாம். சொன்னபின் சரிசெய்தவருக்கு 5 வழங்கத் தயங்க வேண்டியதில்லை. சொல்லியும் மறுத்தவருக்குக் குறைத்து, காரணத்தை எழுதலாம்.

சட்டம் எதுவரை?

பயணி எவ்வளவு நியாயமாக நடந்தாலும், எல்லையை வகுப்பதும் கணக்கை முடக்குவதும் நிறுவனத்தின் கையில் உள்ளன. இதில் தலையிட்ட மாநிலங்களில் ஒன்று கர்நாடகா. 2025-ல் அங்கு நிறைவேற்றப்பட்ட கிக் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு மற்றும் நலச் சட்டம், எழுத்துப்பூர்வமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றித் தொழிலாளரை நீக்கக் கூடாது என்கிறது. பணி ஒதுக்கீட்டையும் மதிப்பீட்டையும் தானியங்கி முறையில் முடிவு செய்யும் அளவுகோல்களைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கவும் கோருகிறது. ஆனால் எந்த எல்லை நியாயமானது, 4.7-ஆ, 4.5-ஆ என்பதை அது நிர்ணயிக்கவில்லை.

அணைக்கரையில் நிற்கும் குடும்பத்துக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. வழங்கிய மதிப்பீட்டைப் பின்னர் மாற்றிக்கொள்ளச் சில செயலிகள் அனுமதிக்கின்றன. பயண வரலாற்றில் அந்தப் பயணத்தைத் திறந்து, உதவிப் பகுதியில் தேடினால் அத்தெரிவு கிடைக்கும். அந்த ஓட்டுநர் இரவோடு இரவாக நேரியமங்கலம் இறங்கி, கொச்சியில் அடுத்த பயணத்தை ஏற்பதற்குள் அதைச் செய்துவிடலாம்.