பத்து மாதத்தில் நொட்டாங்கையா?

குழந்தைநல மருத்துவத் தேர்வுக்குப் படிப்பவர்கள் வளர்ச்சிப் படிகளை நெடுக்காக நெட்டுருப் போடுவார்கள்: தலை நிற்பது, உட்காருவது, நடப்பது என்று. தேர்வறையில் எதிரே இருப்பதோ ஏதோ ஒரு வயதுக் குழந்தை. அதனால் வயதுவாரியாகக் குறுக்கே படிப்பதுதான் கைகொடுக்கும். 9 மாதம் என்றால், பிடிமானம் இல்லாமல் உட்காரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொரியைப் பொறுக்கத் தொடங்கும். ‘பாபா, மாமா’ என்று அடுக்கும். புதுமுகம் கண்டால் அழும். உடல், கை, பேச்சு, பழகுதல் என நான்கும் ஒரே வரியில் வந்துவிட்டன. 2, 4, 6, 9, 12, 18, 24 மாதங்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி இருந்தால், இடைப்பட்ட வயதைக் கணித்துக்கொள்ளலாம்.

ஒரு கேஸைப் பார்ப்போம். 10 மாத ஆண் குழந்தை. தானாக உட்காருகிறான், ‘பாபா’ என்கிறான். ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, விரலால் பொறுக்கவும் இல்லை. அவசரக்கார மாணவர் ‘வளர்ச்சித் தாமதம்’ என்று எழுதிவிடுவார். கொஞ்சம் விவரமானவர், “எந்த வாரத்தில் பிறந்தான்?” என்று கேட்பார். 32-வது வாரம்; அதாவது 8 வாரம் முன்னதாக. குறைமாதக் குழந்தைக்கு 2 வயதுவரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். ஆக, இவனுக்கு வயது ஏறக்குறைய 8 மாதம். அந்த வயதுக்கு இவ்வளவு போதும்.

பெரும்பாலோர் இத்தோடு நிம்மதியாகிவிடுவார்கள். அப்போது அம்மா பெருமையாகச் சொல்வார்: “எல்லாத்துக்கும் நொட்டாங்கைதாங்க டாக்டர், அப்படியே இவங்க தாத்தா மாதிரி!”

தேர்வாளர் காத்திருப்பது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தையும் ஒரு கையை மட்டும் நம்பி இருக்காது. இரண்டும் சமமாக நீளும். சீக்கிரமே இடது கை முந்துகிறது என்றால், வலது கை பின்தங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். தாமதத்தையே தேடிப் பழகிய கண்ணுக்கு இது தப்பிவிடும்.

சோதிப்பது எளிது. கிலுகிலுப்பையை நேர் நடுவில் நீட்டுங்கள். இடது கை வரும். அதை மெல்லப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் நீட்டினால் வலது கை தயங்கும், விரல்கள் மூடியே இருக்கும், முழங்கையை மடக்கி நீட்டினால் விறைப்பு தெரியும். வயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சட்டென முன்னால் சாய்த்தால், விழாமல் தாங்க இரு கைகளும் விரிய வேண்டும். இவனுக்கு ஒன்றுதான் விரிகிறது.

விடைத்தாளில் எழுத வேண்டியது: வலப்பக்கப் பக்கவாத வகைப் பெருமூளை வாதமாக இருக்கலாம். காரணத்தை மூளையின் இடப்பாதியில் தேட வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவன் என்பதால், பிறந்த புதிதில் மூளைக்குள் ரத்தம் கசிந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அடுத்து மூளை ஸ்கேன். பயிற்சிச் சிகிச்சையை ஸ்கேன் முடிவு வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.