ஒரே சிலிக்கா, இரண்டு எக்ஸ்-கதிர்ப் படங்கள்

குவார்ட்ஸ் படிகமும் தூய சிலிக்காக் கண்ணாடியும் வேதியியல் கணக்கில் ஒன்றே: SiO₂. இரண்டிலும் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன; இடைவெளி சுமார் 0.16 நானோமீட்டர். இந்த நான்முகிகள் மூலைக்கு மூலை கோத்துக்கொள்ளும் விதத்தில்தான் வேறுபாடு. குவார்ட்ஸில் கோப்பு எங்கும் ஒரே சீரானது. ஓரிடத்து அமைப்பு தெரிந்தால், ஆயிரம் அணு தள்ளி என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். கண்ணாடியிலோ கோணம் இடத்துக்கு இடம் சற்று பிசகுகிறது. பிசகுகள் சேரச் சேர, சில நான்முகிகளுக்கு அப்பால் ஒழுங்கு மறைந்துவிடுகிறது.

உருகிய சிலிக்கா படிகமாக வேண்டுமானால், அணுக்கள் பிணைப்பை அவிழ்த்து மறுபடி முடிய அவகாசம் வேண்டும். ஆனால் அந்தக் குழம்பு மிகக் கெட்டியானது. குளிரக் குளிர இன்னும் இறுகும். சுமார் 1200 டிகிரி செல்சியஸில் அணுக்கள் இடம் மாறி அமையவே நிமிடக் கணக்கில் ஆகிறது. அதற்குக் கீழே அவை குளிரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், இருந்த கோலத்திலேயே நின்றுவிடுகின்றன. இதுவே கண்ணாடி நிலைமாற்றம். நீர் உறையும்போது வெளிப்படுவது போன்ற உள்ளுறை வெப்பம் இதில் இல்லை. இது நிகழும் வெப்பநிலையும் கறாரானதல்ல. மெதுவாகக் குளிர்வித்தால் சற்றே கீழிறங்கும்.

இந்த வேறுபாட்டை எக்ஸ்-கதிர் உடனே காட்டிவிடும். 0.154 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைக் குவார்ட்ஸ் பொடியில் செலுத்தினால், 26.6 டிகிரியில் ஊசிபோல ஒரு முகடு எழும். சம இடைவெளியில் அடுக்கிய ஆயிரக்கணக்கான அணுத்தளங்களிலிருந்து வரும் அலைகள் அந்தக் கோணத்தில் ஒன்றோடொன்று இசைகின்றன. கோணம் இம்மி விலகினாலும் தளத்துக்குத் தளம் பிசகு கூடிக்கொண்டே போய், முழுவதும் அழிந்துவிடுகிறது. கண்ணாடியில் இசைவதற்கு இரண்டு மூன்று அடுக்குகளே உண்டு. ஒன்றிரண்டு டிகிரி விலகினாலும் அலைகளை முழுதாக அழிக்க ஆள் போதாது. ஆகவே 22 டிகிரியை ஒட்டி, பல டிகிரி அகலத்தில் ஒரு மேடுதான் தெரியும். படத்தகட்டில் அது நிலவைச் சுற்றிய பரிவேடம்போல மங்கிய வளையமாக விழும்.

இந்த அகலத்துக்கு வேறொரு விளக்கமும் இருந்தது: கண்ணாடி என்பது மிக நுண்ணிய கிறிஸ்டோபலைட் படிகங்களின் குவியல். அமெரிக்க இயற்பியலாளர் பி. இ. வாரன் 1930களில் அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்தார். மேட்டின் அகலத்துக்கு ஏற்ற படிகத்தின் அளவு சுமார் 0.8 நானோமீட்டர் என்று வந்தது. கிறிஸ்டோபலைட்டின் ஓர் அலகுக்கூடே ஏறத்தாழ 0.7 நானோமீட்டர். ஒரே கூடு என்றால் திரும்ப வருவது எதுவுமில்லை; அதைப் படிகம் என்பதில் பொருளும் இல்லை.

நெல் உமிச் சாம்பலைச் சோதிப்பவர்கள் பார்ப்பதும் இந்த அகலத்தைத்தான். மிதமான சூட்டில் எரித்த சாம்பலின் சிலிக்கா உருவற்றது. மேடு மட்டும் தெரியும், சுண்ணாம்போடு நன்றாக வினைபுரியும். சூடு மிஞ்சினால் அதே 22 டிகிரிப் பக்கத்தில், மேட்டின் மேல் கிறிஸ்டோபலைட்டின் கூரிய முகடு முளைக்கிறது. அந்தச் சாம்பலுக்கு வினைத்திறன் குறைவு. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.